இன்போகிராஃபிக்கில் எண்களை நேர்க்கோட்டில் நிறுத்துவது எப்படி?

செம்பூரில் எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகைக்காக, மும்பைக்குக் குடிநீர் தரும் ஏழு ஏரிகளின் கொள்ளளவை ஒரு படமாகச் செய்தேன். ஏழு வட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பெயர், எண், "மில்லியன் லிட்டர்", பொடி எழுத்தில் மூலம். எதிர்வீட்டு மாமி நின்று பார்த்துவிட்டு, "இதுல எதுப்பா பெரிய ஏரி?" என்று கேட்டார். 7,17,037 கொள்ளும் பாட்சாவும் 8,046 கொள்ளும் துளசியும் அதில் ஒரே மாதிரிதான் தெரிந்தன. அதைத் திருத்திய விதம் இது.

1. எழுத்தை மட்டும் வெளியே எடுங்கள்

படத்தை ஒதுக்கிவிட்டு, கூகுள் ஷீட்ஸில் பெயர், எண், மூலம் என்று மூன்று பத்திகளில் எல்லாவற்றையும் தட்டுங்கள். மாநகராட்சியின் பெயரை ஏழு தடவை எழுதியிருந்தது இங்கேதான் என் கண்ணில் பட்டது. மூலம் ஒன்றேயானால் அடியில் ஒரு வரி போதும். அலகும் அப்படியே, எண்களின் தலைப்பில் ஒரே தடவை.

2. எண்ணைச் சுருக்குங்கள்

10 மில்லியன் ஒரு கோடி. எண் B2-இல் இருந்தால்:

```
=ROUND(B2/10,0)
```

பாட்சா 71,704 கோடி லிட்டர், துளசி 805. சரி, மொத்தம்? சுருக்கிய ஏழையும் கூட்டினால் 1,44,738 வருகிறது. மூல எண்களின் கூட்டுத்தொகை 14,47,363. அதைச் சுருக்கினால் 1,44,736. பின்னதுதான் சரி. அதையே போட்டு, "எண்கள் முழுமையாக்கப்பட்டதால் கூட்டலில் சிறு வேறுபாடு வரலாம்" என்று மூலத்தோடு சேர்த்து எழுதிவிடுங்கள். யாராவது கட்டாயம் கூட்டிப் பார்ப்பார்கள்.

3. இரண்டே பெட்டிகள்

வட்டங்களை எடுத்துவிடுங்கள். பெயர்கள் ஏழும் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸில், இடப்பக்கம் ஒட்டி. எண்கள் ஏழும் இன்னொன்றில், வலப்பக்கம் ஒட்டி. இரண்டுக்கும் ஒரே எழுத்தளவு, ஒரே வரி இடைவெளி. பெரிய ஏரி மேலே, சின்னது கீழே. இப்போது ஒன்றின் கீழ் ஒன்றும் பத்தின் கீழ் பத்தும் நிற்கும்; எண்ணின் நீளமே அளவைச் சொல்லிவிடும்.

இதில் இரண்டு இடங்களில் சறுக்கும். "மத்திய வைதர்ணா" இரண்டு வரியாக மடிந்தால், அதற்குக் கீழே உள்ள பெயர்கள் எல்லாம் ஒரு வரி இறங்கி அடுத்த ஏரியின் எண்ணோடு சேர்ந்துவிடும். எழுத்தைச் சிறிதாக்காமல் பெட்டியை அகலமாக்குங்கள். அப்புறம் எழுத்துரு. 1111, 8888 இரண்டையும் மேலும் கீழுமாகத் தட்டிப் பாருங்கள். நீளம் வேறுபட்டால் அந்த எழுத்துருவில் இலக்கங்கள் நேராக நிற்காது. எண்களுக்கு மட்டும் வேறு எழுத்துரு போடுங்கள்.

4. மூச்சுவிட இடம்

தமிழில் 'கி', 'றீ' மேலே வளையும், 'கு', 'ழு' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு 1.2 வரி இடைவெளி போதுமென்றால், தமிழுக்கு நான் 1.5 வைக்கிறேன். தலைப்பு, பெயர்கள், மூலம் மூன்றும் ஒரே இடது ஓரத்தில் தொடங்கட்டும்.

ஏ3 தாளில் அச்செடுத்து, லிஃப்ட் அருகே ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று படித்தேன். மூல வரியைத் தவிர எல்லாம் தெரிந்தது. அதை மட்டும் இரண்டு பாயிண்ட் கூட்டினேன்.