பேச்சு மாறினால் சப்ஜெக்டையும் மாற்றுங்கள்: ஜிமெயிலில் படிப்படியாக

குமுளியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் ஆபீசில் மெயில் வேலை என்னுடையது. போடியிலும் புற்றடியிலும் ஏலம் எடுத்த காயைத் தரம் பிரித்து, சாம்பிள் அனுப்பி, விலை பேசி, லாரி ஏற்றிவிடுவது வரை எல்லாமே மெயிலில்தான் நடக்கும். ஒரு சரக்குக்கு ஒரு மெயில் தொடர் என்று ஆரம்பிக்கும். பதில் மேல் பதில் போகப் போக, சாம்பிளில் தொடங்கிய பேச்சு விலைக்குப் போய், லாரிக்குப் போய், கடைசியில் பாக்கியில் வந்து நிற்கும். சப்ஜெக்ட் மட்டும் முதல் நாள் போட்டதே இருக்கும்.

அப்படி ஒரு தொடரில் நான் பட்டதைச் சொல்லிவிட்டு, செய்முறைக்கு வருகிறேன்.

சென்னை செங்குன்றத்தில் குடோன் வைத்திருக்கும் ஒருவருக்கு மூன்று லாட் சாம்பிள் அனுப்பினோம். சப்ஜெக்ட் "ஏலக்காய் சாம்பிள், 8 மி.மீ., 3 லாட்". பதினான்காவது மெயில் வரும்போது சரக்கு லாரியில் ஏறிவிட்டது. கம்பம் தாண்டியதும் லாரி பழுதாகி, வேறு லாரிக்கு மாற்றினார்கள். இ-வே பில்லில் புது வண்டி எண்ணை உடனே மாற்றினேன். குடோனுக்கும் எழுதினேன், ஆனால் அதே சாம்பிள் தொடரில் ரிப்ளை தட்டி. லாரி மறுநாள் விடிகாலையில் போய்ச் சேர்ந்தது. வாசலில் இருந்த சீட்டில் பழைய எண். உள்ளே விடவில்லை. குடோன் பொறுப்பாளர் காலையில் போன் பண்ணினார்.

"தம்பி, வண்டி மாறினதைச் சொல்லவே இல்லையே?"

"மெயில் போட்டேனே அண்ணே, நேத்து மதியமே."

"எதுல? லாரின்னு ஒரு மெயிலும் என்கிட்ட இல்லை."

"சாம்பிள் மெயில்லயே ரிப்ளை பண்ணியிருக்கேன் அண்ணே."

"சாம்பிளைத்தான் போன வாரமே ஓகே பண்ணியாச்சே. அதை நான் ஏன் திறக்கப் போறேன்?"

அவர் சொன்னது சரி. ஜிமெயிலின் பட்டியலில் தெரிவது தொடரின் சப்ஜெக்ட். உள்ளே பதினான்காவது மெயிலில் என்ன இருக்கிறது என்பது, திறந்தால்தான் முழுதாகத் தெரியும். முடிந்துபோன விஷயம் என்று மனசில் பதிந்த சப்ஜெக்டை யாரும் அவசரமாகத் திறக்க மாட்டார்கள்.

சரி, செய்முறை. பேச்சு மாறும்போது இரண்டு வழி உண்டு. அதே மெயிலுக்குப் பதில் எழுதி, சப்ஜெக்டை மட்டும் மாற்றுவது ஒன்று. புதிதாக ஒரு மெயில் தொடங்குவது இன்னொன்று. எது வேண்டும் என்று முடிவு செய்ய நான் ஒரே கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: கீழே இருக்கும் பழைய பேச்சைப் படிக்காமல் இந்த மெயில் புரியுமா? புரியாது என்றால் சப்ஜெக்டை மாற்றிய பதில். புரியும் என்றால் புது மெயில்.

வழி 1: பதிலிலேயே சப்ஜெக்டை மாற்றுவது

என் லாரி மெயிலையே எடுத்துக்கொள்வோம். எந்த லாட், எத்தனை மூட்டை, எந்த விலாசம் என்பதெல்லாம் பழைய பேச்சில் இருக்கிறது. அதனால் பதிலாகப் போவதே சரி.

முதலில் கம்ப்யூட்டரில். தொடரின் கடைசி மெயிலைத் திறந்து `Reply` அல்லது `Reply all` தட்டுங்கள். பதில் எழுதும் பெட்டியில் சப்ஜெக்ட் எங்கும் தெரியாது. பலரும் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். பெட்டியின் இடது மேல் மூலையில், பெறுபவர் பெயருக்கு முன்னால், வளைந்த அம்பும் அதன் பக்கத்தில் கீழ்நோக்கிய சின்ன முக்கோணமும் இருக்கும். அதைத் தட்டினால் ஒரு பட்டியல் விரியும். அதில் `Edit subject` என்று இருப்பதைத் தட்டுங்கள். பெட்டி தனி ஜன்னலாகப் பிரிந்து வரும், சப்ஜெக்டைத் திருத்த முடியும்.

போனில் ஜிமெயில் ஆப் என்றால் இன்னும் சுலபம். பதில் எழுதும் பக்கம் முழுதாகத் திறந்ததும் சப்ஜெக்ட் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும், தொட்டுத் திருத்தலாம். அடியில் சின்னப் பெட்டி மட்டும் வந்தால், அதை விரிக்கும் குறியைத் தொட்டுப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, என்ன எழுதுவது. புது விஷயம் முன்னால், பழைய சப்ஜெக்ட் பின்னால் அடைப்புக்குள்:

```
லாரி எண் மாற்றம், செங்குன்றம் குடோன் (was: ஏலக்காய் சாம்பிள், 8 மி.மீ., 3 லாட்)
```

`was:` என்று ஆங்கிலத்தில் போடுவது பழைய வழக்கம். எந்தப் பேச்சிலிருந்து இது கிளைத்தது என்று படிப்பவருக்கு உடனே தெரியும். அதைத் தமிழில் "முன்பு" என்று எழுதினாலும் ஆட்களுக்குப் புரியும். ஆனால் தண்டர்பேர்ட் போன்ற மெயில் மென்பொருளுக்கு `was:` தெரியும். யாராவது அந்த மெயிலுக்குப் பதில் தட்டினால் அடைப்புக்குள் இருப்பதைத் தானாகவே எடுத்துவிடும். அதனால் நான் `was:` என்றே போடுகிறேன். ஜிமெயில் எடுக்காது. அடுத்த பதிலில் கையால் எடுத்தால், சப்ஜெக்ட் மாறிவிட்டது என்று ஜிமெயில் இன்னொரு தொடரைப் பிரித்துவிடும். ஆகவே ஜிமெயிலில் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

அப்புறம், மெயிலின் முதல் வரியிலேயே பிரித்ததைச் சொல்லிவிடுங்கள். "சாம்பிள் மெயிலில் இருந்து லாரி விஷயத்தைத் தனியாக எடுக்கிறேன். வண்டி மாறிவிட்டது, புது எண் கீழே." இவ்வளவு போதும். கீழே மூன்று புள்ளிக்குள் மடங்கியிருக்கும் பழைய பேச்சைத் திறந்து, தேவையானதை மட்டும் வைத்து மீதியை அழியுங்கள். எனக்கு வேண்டியது லாட் விவரம் இருந்த ஒரு மெயில்தான். மற்ற பன்னிரண்டும் அங்கே இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அனுப்பிய பிறகு ஒரு நிமிடம் `Sent` பகுதியைப் பாருங்கள். புது சப்ஜெக்டோடு தனித் தொடர் வந்திருந்தால் வேலை சரியாக முடிந்தது. சப்ஜெக்ட் மாறினால் ஜிமெயில் தொடரைப் பிரித்துவிடும். `Re:` சேர்வதோ போவதோ கணக்கில் வராது, மற்ற வார்த்தைகள் மாற வேண்டும். இதே காரணத்தால், விஷயம் மாறாதபோது சப்ஜெக்டைத் தொடவே கூடாது. "அவசரம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தாலும், எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் தொடர் இரண்டாக உடையும். பாதிப் பேச்சு ஒரு இடத்தில், மீதி இன்னொரு இடத்தில் கிடக்கும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பழைய தொடரிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள்: "லாரி பற்றி இனி 'லாரி எண் மாற்றம்' மெயிலில் பேசுவோம்." இதைச் செய்யாவிட்டால் யாராவது ஒருவர் பழைய தொடரிலேயே லாரியைப் பற்றிப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். அப்படி வந்தால் அங்கே பதில் சொல்லாதீர்கள். அவர் கேட்டதை நகலெடுத்துப் புதுத் தொடரில் ஒட்டி, அங்கே பதில் சொல்லுங்கள். இரண்டு தடவை செய்தால் எல்லாரும் அங்கே வந்துவிடுவார்கள்.

வழி 2: புது மெயில்

`Compose` தட்டுவது எப்படி என்று சொல்லத் தேவையில்லை. எப்போது தட்ட வேண்டும் என்பதுதான் விஷயம்.

பழைய பேச்சு தேவைப்படாத விஷயம் எதுவும் புது மெயிலில் போக வேண்டும். அதைவிட முக்கியமானது, புது ஆள் ஒருவர் உள்ளே வரும்போது. ஒருமுறை லாரி ஆபீஸுக்குத் தகவல் சொல்ல, நடந்துகொண்டிருந்த தொடரிலேயே ரிப்ளை தட்டி அவர்களை Cc-யில் சேர்த்தேன். கீழே மடங்கியிருந்த பேச்சில் கிலோவுக்கு நாங்கள் எவ்வளவு இறங்கிவந்தோம் என்பது முழுக்க இருந்தது. அதே லாரி ஆபீஸ் எங்கள் ஊரில் இன்னும் நாலைந்து வியாபாரிகளுக்கும் வண்டி அனுப்புகிறது. மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "விலை வெளியே போயிருக்கே, எப்படி?" என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. சப்ஜெக்டை மாற்றியிருந்தாலும் இது நடந்திருக்கும், கீழே இருப்பது கூடவே போகும். புது ஆள் என்றால் புது மெயில், இதில் நான் விதிவிலக்கு வைப்பதில்லை.

நிறையப் பேர் செய்யும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. எல்லாருடைய விலாசமும் பழைய மெயிலில் இருப்பதால், அதற்கு `Reply all` தட்டி, சப்ஜெக்டையும் உள்ளே இருப்பதையும் அழித்துவிட்டு, புது மெயில் போல எழுதுவார்கள். உங்கள் ஜிமெயிலில் அது புது மெயிலாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு பதில் மெயிலும் கண்ணுக்குத் தெரியாத சில வரிகளைச் சுமந்துகொண்டு போகிறது. அப்படி அனுப்பிய ஒரு மெயிலைத் திறந்து, வலது பக்க மூன்று புள்ளியில் `Show original` தட்டிப் பாருங்கள். மற்ற வரிகளுக்கு நடுவே இவையும் இருக்கும், தமிழ் சப்ஜெக்ட் மட்டும் அங்கே `=?UTF-8?` என்று தொடங்கும் குறியீடாகத் தெரியும்:

```
Subject: மார்ச் பாக்கிக் கணக்கு
In-Reply-To: <பழைய மெயிலின் அடையாளம்>
References: <அதற்கு முந்தையவற்றின் அடையாளங்கள்>
```

சப்ஜெக்ட் புதிது, ஆனால் கீழே இரண்டு வரியும் "நான் சாம்பிள் மெயிலுக்குப் பதில்" என்றே சொல்கின்றன. தண்டர்பேர்ட் தொடர் கட்டும்போது இந்த வரிகளைப் பார்க்கிறது. அங்கே உங்கள் பாக்கிக் கணக்கு சாம்பிள் தொடரின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தொடரைப் பெறுபவர் `Ignore Thread` போட்டு ஒதுக்கியிருந்தால் அதோடு சேர்ந்து உங்கள் மெயிலும் மறைந்துவிடும். `Compose` தட்டி எழுதிய மெயிலில் இந்த இரண்டு வரியும் இருக்காது. புது மெயில்தானா என்று சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியது அதைத்தான். விலாசங்கள் வேண்டுமென்றால் பழைய மெயிலில் இருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், அரை நிமிட வேலை.

இதே லாரி விஷயத்தில் நான் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழி 1-இல் சப்ஜெக்டை மாற்றிய பதிலிலும் அந்த வரிகள் இருக்கும். குடோன்காரர் தண்டர்பேர்ட் வைத்திருந்தால் புது சப்ஜெக்ட் தெரியும், ஆனால் சாம்பிள் தொடருக்குள் ஒரு கிளையாகவே இருக்கும். மறுநாள் வரை காத்திருக்க முடியாத வண்டி எண் மாதிரியான விஷயத்தில், மெயிலோடு ஒரு போனும் போட்டுவிடுகிறேன்.

இப்போது அந்தச் செங்குன்றம் சரக்குக்கு எங்களிடம் மூன்று தொடர்கள் இருக்கின்றன. சாம்பிளும் விலையும் முதல் தொடரில். லாரி, அதிலிருந்து பிரிந்த இரண்டாவதில். பாக்கியைப் பற்றி எழுத வேண்டி வந்தபோது அவர்களுடைய கணக்குப்பிள்ளையும் சேர வேண்டியிருந்தது, அவருக்கு எங்கள் விலைப் பேச்சு தேவையில்லை. `Compose` தட்டி, பில் எண்ணையும் தேதியையும் சப்ஜெக்டில் போட்டு, பில்லைப் புதிதாக இணைத்து அனுப்பினேன். அன்று சாயங்காலமே அவர் பதில் எழுதினார், அந்தத் தொடரிலேயே.