பின்பாதியை மட்டும் கூட்டுங்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் மாலை வேளையில் என்னிடம் கணிதம் பயிலும் இளங்கலை மாணவர்கள், குறைந்துகொண்டே செல்லும் மிகை உறுப்புகளின் தொடர் ஒருங்கினால் n·aₙ பூச்சியத்தை நெருங்கும் என்று நிறுவ, பெரும்பாலும் முதல் உறுப்பிலிருந்தே கூட்டத் தொடங்குகிறார்கள். அதனால் n·aₙ ≤ Sₙ என்பது, அதாவது அது ஓர் எல்லைக்குள் அடங்கும் என்பது மட்டுமே கிடைக்கிறது.

அதற்குப் பதிலாக, n+1 முதல் 2n வரையுள்ள n உறுப்புகளை மட்டும் கூட்டுங்கள். அவற்றுள் மிகச் சிறியது a₂ₙ ஆதலால், n·a₂ₙ அந்தக் கூடுதலை மிஞ்சாது. தொடர் ஒருங்குவதால் S₂ₙ − Sₙ பூச்சியத்தை நெருங்க, அதன் இருமடங்குக்குள் அடங்கிய 2n·a₂ₙ-உம் பூச்சியத்தை நெருங்குகிறது. ஒற்றைப்படை இடங்களுக்கு a₂ₙ₊₁ ≤ a₂ₙ என்பதே போதும்.

‘குறையும்’ என்ற நிபந்தனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்: n முழு வர்க்கமானால் 1/n, மற்ற இடங்களில் 1/n² என்று எடுத்தால் கூடுதல் முடிவுள்ளதுதான், ஆயினும் n = 100, 10000 என எந்த வர்க்க எண்ணிலும் n·aₙ = 1 ஆகவே நிற்கும்.