h-ஐக் குறைத்தால் பிழை ஏன் பெருகுகிறது? பல்படி முறைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு எண்முறைக் கணிதம் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு மாணவி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "சார், மூணாவது ஆர்டர் முறைதான் போட்டிருக்கேன். t = 1-ல 0.3679 வரணும், மைனஸ் 6.68 வருது. h-ஐப் பாதியாக்கினா மைனஸ் 46 லட்சம்! எங்க தப்பா டைப் பண்ணியிருக்கேன்?"

டைப் செய்ததில் தப்பே இல்லை. அவள் எடுத்தது இந்த இரண்டு படி முறை:

```
y[n+2] = -4*y[n+1] + 5*y[n] + h*(4*f[n+1] + 2*f[n])
```

கணக்கு y' = −y, y(0) = 1. h = 0.1. y[1]-க்குச் சரியான மதிப்பையே கொடுத்திருந்தாள். சில படிகளில் வந்த பிழைகள் இவை:

```
n = 2    -0.000015
n = 4    -0.00032
n = 6    -0.0089
n = 8    -0.25
n = 10   -7.05
```

ஆர்டரை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே முதல் தவறு. இந்த முறை இசைவு உள்ளது, அதாவது வகுப்பில் நாம் கன்சிஸ்டன்சி என்று சொல்வது இதற்கு இருக்கிறது. ஆனால் இசைவு எதைச் சோதிக்கிறது என்று கவனியுங்கள். முந்தைய மதிப்புகள் துல்லியமாக இருந்தால் இந்த ஒரு படியில் எவ்வளவு பிழை புதிதாகச் சேரும் என்பதை மட்டும்தான். இங்கே அது h⁴ அளவு, மிகச் சிறியது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட பிழையை அடுத்தடுத்த படிகள் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. அதற்கு இசைவில் பதில் கிடையாது.

அந்தப் பதில் வேண்டுமென்றால் h = 0 என்று வைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்:

```
r^2 + 4r - 5 = (r - 1)(r + 5)
```

மூலங்கள் 1, −5. மூலம் 1 நமக்கு வேண்டிய தீர்வைச் சுமந்து போகிறது. −5 என்பது சமன்பாட்டில் இல்லாத ஒன்று. இரண்டு படி முறை என்பதால் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே நுழைந்த சின்னப் பிழையை ஒவ்வொரு படியிலும் அது ஏறக்குறைய −5 ஆல் பெருக்குகிறது. மேலே உள்ள பட்டியலில் இரண்டு படிக்கு ஒருமுறை பிழை 20 முதல் 28 மடங்கு வளர்வதைப் பாருங்கள். y[1] துல்லியமாக இருந்தும் பயனில்லை, y[2]-லேயே பிழை நுழைந்துவிட்டது.

சரி, h-ஐக் குறைத்தால்? எல்லோரும் செய்வது அதுதான், இங்கே அதுவே மோசமாக்குகிறது. t = 1-ஐ எட்ட 1/h படிகள் வேண்டும். ஒரு படியின் பிழை h⁴ போலச் சுருங்கும்போது, பெருக்கம் 5 இன் 1/h ஆவது அடுக்காக ஏறுகிறது. h = 0.05-ல் புதிய பிழை 16 மடங்கு குறைந்தது. ஆனால் கூடுதலாக வந்த 10 படிகள் அதை ஒரு கோடி மடங்குக்கு மேல் பெருக்கின. அதனால்தான் மைனஸ் 46 லட்சம்.

இன்னொரு தவறு, y' = 0 போன்ற எளிய கணக்கில் ஓட்டிப் பார்த்து நிம்மதி அடைவது. y[0] = y[1] = 1 என்றால் −4 + 5 = 1, எத்தனை படி போனாலும் துல்லியமாக 1 வரும். y[1]-ஐ 1.000001 ஆக்கி ஓட்டுங்கள், −5 உடனே தலைகாட்டும்.

வேண்டிய நிபந்தனை இதுதான்: எந்த மூலத்தின் மட்டு மதிப்பும் 1-ஐத் தாண்டக் கூடாது, மட்டு சரியாக 1 உள்ள மூலம் இரட்டித்து வரக் கூடாது. இதைத்தான் ஜீரோ ஸ்டெபிலிட்டி என்கிறோம். இசைவும் இதுவும் சேர்ந்தால் ஒருங்கும். ஒன்று இல்லாவிட்டாலும் ஒருங்காது. ஸ்வீடனைச் சேர்ந்த டால்க்விஸ்ட் 1956-ல் நிறுவியது இது.

h பெரிதாக இருப்பதால் வரும் நிலையின்மையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது h-ஐப் போதுமான அளவு குறைத்தால் அடங்கிவிடும். குறைக்கக் குறைக்கப் பிழை பெருகினால், மூலங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம் அவளை ஆடம்ஸ்–பாஷ்ஃபோர்த் இரண்டு படி முறைக்கு மாற்றச் சொன்னேன்:

```
y[n+2] = y[n+1] + (h/2)*(3*f[n+1] - f[n])
```

இதன் மூலங்கள் 1, 0. ஆர்டர் இரண்டுதான். h = 0.1-ல் பிழை 0.0015, 0.05-ல் 0.0004. "ஆர்டர் மூணுல நிலையா ஒண்ணு கிடைக்காதா சார்?" என்று கேட்டாள். வெளிப்படையான இரண்டு படி முறையில் கிடைக்காது. டால்க்விஸ்ட் போட்ட எல்லை அங்கே இரண்டோடு நிற்கிறது. மூன்று வேண்டுமென்றால் இன்னொரு பழைய மதிப்பைச் சேர்க்க வேண்டும், அல்லது உட்படு முறைக்குப் போக வேண்டும்.