பி-மதிப்பு 0.04 என்றால் மருந்து பலிக்க 96 சதவீதம் வாய்ப்பா?

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் கிராம்பியன் என்றொரு பகுதி. அங்கே கிராமத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், அபர்தீன் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் நேரம் ஓடிவிடும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் அனிஸ்ட்ரெப்ளேஸ் ஊசியை உள்ளூர் டாக்டரே வீட்டில் போட்டுவிட்டால் உயிர்கள் கூடுதலாகப் பிழைக்குமா என்று 311 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வீட்டில் ஓர் ஊசி, ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி. இரண்டில் ஒன்றுதான் நிஜ மருந்து. எது என்பது நோயாளிக்கும் தெரியாது, ஊசி போடுபவருக்கும் தெரியாது. 1992-இல் முடிவு வெளிவந்தது. மூன்று மாதத்துக்குள், வீட்டிலேயே மருந்து பெற்ற 163 பேரில் 13 பேர் இறந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் பெற்ற 148 பேரில் 23 பேர். சதவீதமாகச் சொன்னால் 8.0-க்கு எதிராக 15.5. பி-மதிப்பு 0.04.

இந்த 0.04-ஐப் படிப்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. "தற்செயலாக நடந்திருக்க 4 சதவீத வாய்ப்பு, ஆகவே சீக்கிரம் போடும் ஊசி பலன் தருவதற்கு 96 சதவீத வாய்ப்பு" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அந்த எண் அதைச் சொல்லவில்லை.

அது சொல்வதைக் கையால் செய்து பார்க்கலாம். 311 சீட்டுகள் எடுத்து 36 சீட்டில் மட்டும் "இறப்பு" என்று எழுதுங்கள். நன்றாகக் கலைத்து, 163 சீட்டை ஒரு பக்கமும் 148 சீட்டை மறுபக்கமும் பிரியுங்கள். எங்கே ஊசி போட்டாலும் ஒன்றுதான் என்ற உலகம் இது. எந்தச் சீட்டு எந்தப் பக்கம் விழும் என்பது குலுக்கலின் வேலை மட்டுமே. இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால், எந்தப் பக்கமானாலும் சரி, 13-க்கு 23 அளவுக்கோ அதைவிட மோசமாகவோ சாய்வது நூற்றில் நான்கைந்து தடவைதான். (வாய்பாட்டைப் பொறுத்து எண் கொஞ்சம் மாறும்.) இதுதான் ஃபிரீக்வென்டிஸ்ட் முறை. பலனே இல்லை என்று வைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட தரவு எவ்வளவு அரிது என்று கேட்கிறது. டாக்டர் கேட்பதோ தலைகீழான கேள்வி: இந்தத் தரவு கையில் இருக்கும்போது, பலன் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. 1000 மருந்துகளைச் சோதிக்கிறோம், அவற்றில் 100 மட்டுமே உண்மையில் வேலை செய்யும் என்று வைத்துக்கொள்வோம். பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் தேறியது என்பது வழக்கமான கோடு. நல்ல மருந்துகளில் 80-ஐச் சோதனை பிடித்துவிடுகிறது. வேலை செய்யாத 900-இலும் 5 சதவீதம், அதாவது 45, தற்செயலாக 0.05 கோட்டைத் தாண்டிவிடும். தேறிய 125-இல் 45 போலி. மூன்றில் ஒன்றுக்கும் மேல். தொடக்கத்தில் நல்ல மருந்துகள் 500 இருந்திருந்தால் தேறிய 425-இல் போலி 25 மட்டுமே. கோடு அதே 0.05தான். மாறியது, சோதனைக்கு முன்பே நாம் அறிந்திருந்தது. அதைக் கணக்குக்குள் கொண்டுவருவதுதான் பேயீசியன் முறை.

அதற்காகப் பி-மதிப்பைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வேலை செய்யாத மருந்துகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தேறிவிடக் கூடாது என்று ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு விரும்பினால், அதற்கு இது சரியான கருவி. ஒரு குறிப்பிட்ட மருந்தைப் பற்றிய நம்பிக்கையின் அளவாக அதைப் படிப்பதுதான் தவறு.

இரண்டாவது தவறு, கண்ணில் பட்ட பலனை அப்படியே எடுத்துக்கொள்வது. 15.5-இலிருந்து 8.0 என்றால் இறப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. சுமார் இரண்டு மணி நேரம் முந்திப் போட்டதற்கு இவ்வளவு பலனா? சிறிய சோதனை ஒன்று 0.05 கோட்டைத் தாண்ட வேண்டுமானால் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தே ஆக வேண்டும். அதனால் தாண்டியவற்றில் பல, உண்மையைவிட ஊதித் தெரியும்.

ஸ்டூவர்ட் போகாக், டேவிட் ஸ்பீகல்ஹால்டர் என்ற இரு புள்ளியியலாளர்கள் அதே 1992-இல் இதைப் பேயீசியன் முறையில் திரும்பக் கணக்கிட்டார்கள். சோதனைக்கு முன்பே அறிந்ததாக அவர்கள் எடுத்துக்கொண்ட எண்ணம், அதாவது முன்கணிப்பு, இது: 15 முதல் 20 சதவீதக் குறைவு நம்பத்தகுந்தது, பலனே இல்லை என்பதும் 40 சதவீதம் என்பதும் இரண்டு கோடிகள், இரண்டுமே நடக்க வாய்ப்புக் குறைவு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இறந்தவருக்கும் பிழைத்தவருக்கும் உள்ள விகிதத்தை எடுத்தால் ஒரு பக்கம் 13-க்கு 150, மறுபக்கம் 23-க்கு 125. முதலாவது இரண்டாவதைவிட 53 சதவீதம் குறைவு. முன்கணிப்பின் இரண்டு கோடிகளுக்கு நடுவே, விகிதங்களைப் பெருக்கல் அளவில் பார்த்தால், விழுவது ஏறக்குறைய 22 சதவீதம். இரண்டையும் அதனதன் துல்லியத்துக்கு ஏற்ற எடை கொடுத்துச் சேர்த்தால் 27 சதவீதக் குறைவு வருகிறது. 95 சதவீத நம்பிக்கையுடன் 7-க்கும் 42-க்கும் நடுவில். பலன் உண்டு, ஆனால் பாதியளவு இல்லை. பின்னர் 2000-இல், இதையும் சேர்த்து ஆறு சோதனைகளை, 6434 நோயாளிகளை, ஒன்றாகத் தொகுத்தபோது கிடைத்த குறைவு 17 சதவீதம்.

இதைப் பார்த்து மூன்றாவது தவறில் விழுந்துவிடக் கூடாது: முன்கணிப்பு எவ்வளவு கனம் என்று பாராமல் விடுவது. மேலே உள்ள கணக்கில் முன்கணிப்பின் எடை, 311 பேரின் தரவைப் போல எட்டு மடங்கு! 27 என்ற விடை 53-ஐவிட 22-க்குப் பக்கத்தில் நிற்பது அதனால்தான். இப்படிக் கனமான முன்கணிப்பைத் தரவைப் பார்த்த பிறகு தனக்கு வேண்டியபடி வைத்தால், எந்த விடையையும் வரவழைக்கலாம். ஆகவே அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். வேறொரு முன்கணிப்பை வைத்தும் போட்டுக் காட்ட வேண்டும்.

போட்டுப் பார்க்கிறேன். ஒரு சந்தேகப் பேர்வழி இருக்கிறார். பலன் இருக்கவும் கெடுதல் இருக்கவும் சம வாய்ப்பு, மாற்றம் எந்தப் பக்கமானாலும் பெரும்பாலும் இரண்டு மடங்கைத் தாண்டாது என்பது அவர் எண்ணம். அவருடைய முன்கணிப்பின் எடை ஏறக்குறைய தரவின் எடைக்குச் சமம். அவருக்கும் 30 சதவீதக் குறைவு என்றே விடை வருகிறது. ஆனால் 58 சதவீதக் குறைவிலிருந்து 15 சதவீதக் கூடுதல் வரை எதுவும் சாத்தியம் என்று வீச்சு விரிகிறது. ஏதோ ஒரு அளவு பலன் உண்டு என்பதற்கு அவர் தரும் வாய்ப்பு 92 சதவீதம்.

இன்னும் ஒரு தவறு, 0.05-ஐ எல்லைக்கல்லாகப் பார்ப்பது. வீட்டில் மருந்து பெற்றவர்களில் 13-க்குப் பதில் 14 பேர் இறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பி-மதிப்பு 0.06 ஆகும். "புள்ளியியல்ரீதியாகப் பொருட்படுத்தத்தக்கது அல்ல" என்று எழுதுவார்கள். அது செய்தித்தாளுக்கு வரும்போது "மருந்தால் பலனில்லை" என்றே ஆகிவிடும். அந்த ஒரே ஒரு மரணத்தைச் சேர்த்து அதே சந்தேகப் பேர்வழியின் கணக்கைத் திரும்பப் போட்டேன். அவருடைய 92 சதவீதம் 90 ஆனது.