ரீஃபில் மெயிலுக்குப் பதில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் மருந்தகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், தீரப்போகும் மருந்தை மறுபடி கேட்டு, அதாவது ரீஃபில் கேட்டு, நோயாளி ஒருவர் எழுதிய மெயிலுக்கு ஒன்றரை நிமிடத்தில் பதில் அனுப்பிவிட்டுப் பெருமையாக என்னைப் பார்த்தார். பதில் என்னவோ மரியாதையாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அதே பதிலை நான் பல வருடங்களுக்கு முன்னால் எழுதியிருக்கிறேன். பெயரைத் தப்பாக எழுதுவது, மெயிலைப் பார்க்காமலே விடுவது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. அவை தப்பு என்று எல்லோருக்கும் தெரியும்.

கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது

என் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. மனநிலைக் கோளாறுக்குப் பல வருடங்களாக லித்தியம் சாப்பிடுபவர். ஒரு திங்கட்கிழமை காலையில் அவரிடமிருந்து மெயில்: "மாத்திரை தீரப்போகிறது, போன தடவை கொடுத்த மாதிரியே ஒரு மாதத்துக்கு வேண்டும். கை கொஞ்சம் நடுங்குகிறது, வயசாகிவிட்டது போல. முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கிறேன். நன்றி."

நான் கணினியில் பார்த்தேன். மருத்துவர் எழுதிய சீட்டில் இன்னும் ரீஃபில் பாக்கி இருந்தது. "லித்தியம் தயாராக இருக்கிறது, மாலை வந்து வாங்கிக்கொள்ளலாம்" என்று பதில் அனுப்பினேன். அவர் கேட்டது ஒரு கேள்வி, நான் கொடுத்தது ஒரு பதில். கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தேன்.

அவர் எழுதிய மூன்று வரிகளில் முதல் வரிதான் கோரிக்கை, மற்ற இரண்டும் எச்சரிக்கை. லித்தியம் எடுப்பவர்களுக்கு விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் இருப்பது சாதாரணம்தான். ஆனால் இதுவரை இல்லாத நடுக்கமோ, இருந்ததைவிடப் பெரிதான நடுக்கமோ இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிட்டதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். முட்டி வலிக்கு அவர் போட்டுக்கொண்டிருந்தது இபுப்ரோஃபென். அந்த வகை வலி மாத்திரைகள், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றும் வேகத்தைக் குறைத்துவிடும். அதாவது ஒரு மாத்திரைகூட அதிகமாகச் சாப்பிடாமலே, உடம்பில் மருந்து நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். லித்தியத்தில் வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். 1.5 தாண்டினால் விஷ அறிகுறிகளை எதிர்பார்க்கலாம். வயதானவர்களுக்கு அதற்குக் கீழேயே வந்துவிடும்.

அந்த அம்மா மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார், தொடர்ந்து சாப்பிட்டார். வியாழக்கிழமை வாந்தி, வயிற்றுப்போக்கு, நடக்கும்போது தள்ளாட்டம். அவசரப் பிரிவில் எடுத்த இரத்தத்தில் அளவு 1.9. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நாலு நாள் அவருக்கு வந்திருக்கவே வேண்டாம். இன்றைக்கும் எரிச்சல் வருவது எதனால் என்றால், எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் அதில் இல்லை. லித்தியமும் வலி மாத்திரையும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடப் பதில் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. அவர் ரீஃபில்தான் கேட்டார்.

நோயாளிகள் இப்படித்தான் எழுதுவார்கள். பெரிய விஷயத்தை "அப்புறம்", "கொஞ்சம்", "வயசாகிவிட்டது போல" என்ற சொற்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். அதனால் இப்போது நான் மெயிலைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறேன். உடம்பைப் பற்றி ஒரு சொல், புதிதாகச் சேர்ந்த மருந்து, "நிறுத்திவிட்டேன்", "கூட ஒன்று போட்டேன்", கர்ப்பம், மனச்சோர்வு, வாழப் பிடிக்கவில்லை என்ற தொனி. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கை விசைப்பலகைக்குப் போகக்கூடாது, தொலைபேசிக்குத்தான் போக வேண்டும்.

அன்றைக்கு நான் அழைத்திருந்தால் கேட்க வேண்டியது நாலைந்து கேள்விகள்தான். நடுக்கம் எப்போதிருந்து? டம்ளரைப் பிடிக்க முடிகிறதா? வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் உண்டா? வலி மாத்திரையின் பெயர் என்ன, எத்தனை நாளாக? கடைசியாக லித்தியம் எப்போது சாப்பிட்டீர்கள்? பதில்களோடு அந்த நிமிடமே மருத்துவரிடம் பேசியிருந்தால், அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி வைப்பதா, இரத்தப் பரிசோதனை எப்போது என்பதை அவர் முடிவு செய்திருப்பார். தள்ளாட்டமோ குழறலோ இருந்திருந்தால் அதற்கும் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவு.

மருந்தின் பெயரை எழுதுவது

அதே பதிலில் இன்னொரு தப்பும் இருந்தது. நான் "லித்தியம்" என்று எழுதினேன். அந்த மெயில் முகவரியை அவரும் மகனும் சேர்ந்து பயன்படுத்தினார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. மருந்துப் பெயரை யார் தேடிப் பார்த்தாலும் நோயின் பெயர் வந்துவிடும். குடும்பத்தில் எவ்வளவு சொல்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர், நான் இல்லை.

தலைப்பு வரி இன்னும் மோசம், அது பூட்டிய கைப்பேசித் திரையிலேயே தெரியும். அவர் எழுதியதை அப்படியே கீழே ஒட்டிக்கொண்டு போகும் பதிலும் அதே கசிவுதான், அதை அழித்துவிடுங்கள். இப்போது நான் அனுப்புவது இவ்வளவுதான்:

"வணக்கம். உங்கள் மெயில் கிடைத்தது. இதைப் பற்றி நேரில் பேசுவதுபோல் பேச வேண்டும். இன்று 12 மணிக்குள் எங்களிடம் பதிவாகியிருக்கும் உங்கள் எண்ணுக்கு அழைக்கிறேன். அதற்குள் உடம்புக்கு முடியவில்லை என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்."

தலைப்பு: "உங்கள் கோரிக்கை பற்றி". மருந்தும் இல்லை, நோயும் இல்லை. அவசரம் என்று தோன்றினால் முதலில் அழைப்பு, எடுக்காவிட்டால்தான் இந்த மெயில்.

மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அழைப்பது

வேண்டாம். பதிவேட்டில் இருக்கும் எண்ணுக்கே அழையுங்கள்.

யார் எடுத்தாலும் பேசிவிடுவது

முழுப் பெயரும் பிறந்த தேதியும் அவர் வாயிலிருந்து வர வேண்டும். நீங்கள் படித்துக் காட்டி "சரிதானே?" என்று கேட்டால் யாரும் "ஆமாம்" என்பார்கள். வேறு ஒருவர் எடுத்தால் உங்கள் பெயரையும் திரும்ப அழைக்கும் எண்ணையும் மட்டும் சொல்லுங்கள். குரல் செய்தியிலும் அதே அளவுதான்.

நாள் கணக்கு பார்க்காமல் விடுவது

மெயிலில் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் தேதி பேசும். 30 நாளுக்கு 60 மாத்திரை வாங்கியவர் 20ஆம் நாளே தீர்ந்தது என்கிறார் என்றால், இரண்டுக்குப் பதில் மூன்று போகிறதோ என்று கேட்க வேண்டும். 45ஆம் நாள் கேட்கிறார் என்றால் நடுவில் என்ன ஆனது? தொலைந்திருக்கலாம், பழைய அட்டை மிச்சம் இருந்திருக்கலாம். ஆனால் வலிப்புக்குக் கொடுக்கும் லாமோட்ரிஜினை ஐந்து நாளுக்கு மேல் விட்டுவிட்டவர், பழைய முழு அளவில் மறுபடி தொடங்கினால் ஆபத்தான தோல் தடிப்பு வரலாம். சின்ன அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். பழைய சீட்டைப் பார்த்து "தயாராக இருக்கிறது" என்று எழுதினால் இது எதுவும் தெரிய வராது. அழைத்து, "கடைசியாக எந்தத் தேதியில் போட்டீர்கள்?" என்று கேட்டாலே போதும்.

பேசியதை எழுதாமல் விடுவது

எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், அவர் என்ன சொன்னார், எந்த மருத்துவரிடம் தெரிவித்தீர்கள், அவர் என்ன சொன்னார். நாலு வரி, நோயாளியின் பதிவேட்டில். உங்கள் மெயில் பெட்டியில் அல்ல. அந்தப் புதுப் பெண் பிற்பகலில் அந்த நோயாளியை மறுபடி அழைத்தார், முக்கால் பக்கம் எழுதினார். சுருக்கிக்கொள்ளப் போகப் போகப் பழகிவிடும்.