அமெரிக்காவில் கேபிள் இணையம்: ரவுட்டரை வாடகைக்கு வைத்திருப்பதா, சொந்தமாக வாங்குவதா?

நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ புதிதாகக் குடியேறும் குடும்பம் கேபிள் நிறுவனத்திடம் இணைய இணைப்புக் கேட்டால், பெரும்பாலும் இணைப்போடு ஒரு பெட்டியும் வந்து சேரும். அந்தப் பெட்டிக்கு மாதம் 10 முதல் 15 டாலர் வரை வாடகை விதிக்கும் திட்டங்கள் பல உண்டு. பில்லின் கீழ்ப்பகுதியில் தனி வரியாக அச்சாகும் அந்தத் தொகை முதல் சில மாதங்களில் நம் கண்ணில் படுவதில்லை. வீட்டு வாடகை, கார், பள்ளிச் சேர்க்கை என்று வேறு கவலைகள் இருக்கும். கவனிக்கத் தொடங்கிய பிறகு எழும் முதல் கேள்வி, இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்பதுதான். வாங்கலாம், ஆனால் வந்த முதல் மாதத்திலேயே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில், அந்த ஒரு பெட்டிக்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சுவரிலிருந்து திருகி மாட்டப்படும் தடித்த கோஆக்ஸ் கேபிளில் வரும் சமிக்ஞையை இணையமாக மாற்றுவது மோடம். அந்த இணையத்தை வீட்டிலுள்ள கைபேசி, டிவி, மடிக்கணினி ஆகியவற்றுக்கு வைஃபை வழியாகப் பகிர்ந்து கொடுப்பது ரவுட்டர். மோடம் கேபிள் நிறுவனத்தின் வலைப்பின்னலோடு கட்டுண்டது. ரவுட்டரோ எந்த இணைப்போடும் சேர்ந்து வேலை செய்யும். வாங்குவதா வேண்டாமா என்ற முடிவை இரண்டுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் இணைத்துக் கடையில் விற்பதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் நாளை ஃபைபர் உள்ள வீட்டுக்கு மாறினால் அதன் மோடம் பகுதி பயனற்றுப் போய்விடும்.

உங்கள் வீட்டுக்கு வருவது ஃபைபர் இணைப்பு என்றால் இந்தக் கணக்கு வேறு. ஒளியிழையை மாற்றித் தரும் கருவி நிறுவனத்தினுடையதாகவே இருக்கும். ரவுட்டருக்குத் தனி வாடகை இல்லாத திட்டங்களும் நிறைய உண்டு. 5ஜி வீட்டு இணையத்திலும் நிறுவனம் தரும் பெட்டியே இணைப்பு. இவ்விரண்டிலும் வாடகை இல்லையென்றால் சொந்தமாக வாங்குவதால் பணம் மிச்சமாகாது. ஊரிலிருந்து கொண்டு வந்த ரவுட்டரைப் பயன்படுத்த நினைப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட 12, 13 ஆகிய வைஃபை சேனல்களை இங்கு விற்கப்படும் பல கருவிகள் பார்ப்பதேயில்லை என்பதால், ரவுட்டர் தானாக அந்தச் சேனலுக்குப் போய்விட்டால் வீட்டில் சில கருவிகளுக்கு மட்டும் வைஃபை காணாமல் போகும். மேலும், அங்கே ஃபைபர் நிறுவனம் கொடுத்த பெட்டி இங்குள்ள கேபிளுக்கு எவ்விதத்திலும் பொருந்தாது.

இனி வேகத்துக்கு வருவோம். எடிசன் நகரில் நாங்கள் முதலில் குடியிருந்தது பேஸ்மென்ட்டும் இரண்டு தளங்களும் கொண்ட டவுன்ஹவுஸ். நொடிக்கு 300 மெகாபிட் திட்டம் எடுத்திருந்தோம். மேல்தளத்தின் பின் படுக்கையறையில் மகளின் வகுப்புக் காணொளி அடிக்கடி உறைந்து நின்றதால், வாடகைப் பெட்டிதான் மட்டமானது என்று முடிவு கட்டி, கடையில் விலை கேட்கும் அளவுக்குப் போய்விட்டேன். அப்போது அலுவலக நண்பர் ஒருவர், முதலில் அளந்து பாருங்கள் என்றார். மடிக்கணினியை லேன் கேபிளால் நேரடியாகப் பெட்டியில் இணைத்துச் சோதித்தபோது 340 வந்தது. என் மடிக்கணினியில் லேன் துளை இல்லாததால் அதற்காக ஓர் அடாப்டர் வாங்க வேண்டியிருந்தது என்பது வேறு. பெட்டியின் அருகில் நின்று வைஃபையில் அளந்தால் 310. மகளின் அறையில் 28. ஆக, நிறுவனத்தின் இணைப்பிலும் மோடத்திலும் குறையில்லை; பெட்டிக்கும் படுக்கையறைக்கும் இடையில்தான் வேகம் கரைந்துகொண்டிருந்தது.

காரணம், பெட்டி இருந்த இடம். இணைப்புக் கொடுக்க வந்தவர் தமக்கு வசதியாக, பேஸ்மென்ட்டில் ஹீட்டரின் உலோக உடலுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார். தரைத்தள வரவேற்பறையிலும் ஒரு கோஆக்ஸ் முனை இருந்ததால் பெட்டியை அங்கே மாட்டிப் பார்த்தேன். அரை மணி நேரமாகியும் விளக்கு நிலையாக எரியவில்லை. பேஸ்மென்ட்டில் எல்லா அறைகளின் கேபிள்களும் வந்து சேரும் ஸ்ப்ளிட்டரைத் தேடிக் கண்டபோது, வரவேற்பறைக்குப் போகும் கேபிள் இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருகி மாட்டியதும் இணைப்பு வந்தது. இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் சமிக்ஞையை ஏறத்தாழ 3.5 டெசிபெல் குறைக்கும் என்பதால், பயன்படுத்தாத அறைகளுக்காக நிற்கும் ஸ்ப்ளிட்டர்களை நீக்குவது நல்லது. இடம் மாறிய பிறகு மகளின் அறையில் 140 வந்தது. ஒரு டாலர் செலவில்லை.

ஓராண்டு கழித்துச் சொந்த ரவுட்டர் வாங்கி அதே இடத்தில் வைத்தபோது அது 200 ஆனது. இந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காணொளி வகுப்புக்குச் சில மெகாபிட்டும், 4கே தரத்தில் ஒரு திரைப்படம் பார்க்க ஏறத்தாழ 25 மெகாபிட்டும் போதும். எனவே வேகத்துக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், மூன்று இடங்களில் அளந்த பிறகே வாங்குங்கள். லேன் கேபிளிலேயே வேகம் குறைவாக வந்தால் புதிய ரவுட்டர் உதவாது. அது இணைப்பின் அல்லது மோடத்தின் குறை.

செலவைப் பார்ப்போம். டாக்சிஸ் 3.1 என்ற கேபிள் இணையத் தரநிலைக்கு உரிய மோடம் ஒன்று 150 டாலர், நடுத்தர வைஃபை 6 ரவுட்டர் ஒன்று 100 டாலர் என்று வைத்துக்கொண்டால், நியூ ஜெர்சியின் 6.625 சதவீத விற்பனை வரியோடு 266 டாலர் 56 சென்ட் ஆகிறது. மாதம் 15 டாலர் வாடகை மிச்சமென்றால் பதினெட்டாவது மாதத்தில் போட்ட பணம் திரும்பும். வாடகை 10 டாலர்தான் என்றால் இருபத்தேழாவது மாதம் வரை காத்திருக்க வேண்டும். வேலை மாற்றமோ விசா நிலையோ காரணமாக ஓராண்டுக்குள் வேறு மாநிலத்துக்குப் போக வேண்டியிருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு ஒத்து வராமல் போகலாம். போகும் இடத்திலும் கேபிள் இணையம் இருந்து, அங்குள்ள நிறுவனமும் அதே மோடத்தை ஏற்றுக்கொண்டால் நட்டமில்லை. ஃபைபர் என்றால் ரவுட்டர் மட்டும் கூட வரும், மோடத்தை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

வாங்குமுன் இன்னும் சிலவற்றைப் பில்லிலேயே பார்த்துவிட வேண்டும். சில திட்டங்களில் பெட்டியின் வாடகை மாதக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வேறு சிலவற்றில், நிறுவனத்தின் பெட்டியை வைத்திருந்தால்தான் மாதாந்தர டேட்டா வரம்பு நீங்கும். அத்தகைய திட்டத்தில் பெட்டியைத் திருப்பினால் மிச்சமாகும் 15 டாலரை விடக் கூடுதலாகச் செலவாகக் கூடும். கேபிள் நிறுவனத்தின் தொலைபேசியும் வைத்திருந்தால், தொலைபேசித் துளையுள்ள மோடம் தேவைப்படும். அந்நிலையில் வாடகையே சுலபம். பழைய மோடத்தை யாரிடமாவது வாங்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். அது முந்தையவரின் கணக்கிலிருந்து நீக்கப்படாமலோ, நிறுவனத்துக்குத் திரும்பியிருக்க வேண்டிய வாடகைப் பொருளாகவோ இருந்தால் உங்கள் பெயரில் பதிவு செய்ய மறுத்துவிடுவார்கள்.

கட்டுப்பாடு என்ற விஷயத்தில்தான் சொந்த ரவுட்டரின் அருமை தெரியும். பல வாடகைப் பெட்டிகளில் அமைப்புகளை நிறுவனத்தின் செயலி வழியாகத்தான் மாற்ற முடியும். இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையகத்தின் முகவரியை மாற்ற இடமே இராது. சில நிறுவனங்கள் அதே பெட்டியிலிருந்து தங்கள் மற்ற வாடிக்கையாளர்களுக்கான பொது வைஃபையையும் ஒலிபரப்பும், அதை நாம்தான் தேடிப்போய் நிறுத்த வேண்டும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் கட்டி வைத்திருப்பதால், 2.4 மட்டுமே அறிந்த வாசற்கதவுக் கேமராவைச் சேர்க்க முடியாமல் ஒரு மாலை முழுவதும் போராடியவர்கள் பலர். சொந்த ரவுட்டரில் இவற்றையெல்லாம் பிரிக்கலாம், குழந்தைகளின் கருவிகளுக்கு நேரம் வைக்கலாம், விருந்தினருக்குத் தனி வைஃபை தரலாம். அதற்கு ஈடாக, பாதுகாப்புப் புதுப்பிப்புகளை ஏற்றும் பொறுப்பும் உங்களுடையதாகிறது. மோடத்தின் மென்பொருளை மட்டும், அது உங்கள் சொந்தப் பொருளாக இருந்தாலும், கேபிள் நிறுவனமே தன் பக்கத்திலிருந்து புதுப்பிக்கும்.

கட்டுப்பாடு மட்டுமே வேண்டுமென்றால் இடைவழி ஒன்று உண்டு. வாடகைப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றி அதை வெறும் மோடமாக்கிவிட்டு, அதன்பின் சொந்த ரவுட்டரை இணைக்கலாம். வாடகை மிச்சமாகாது, ஆனால் இணைப்பில் குறை வந்தால் நிறுவனம் தன் பெட்டிக்குத் தானே பொறுப்பேற்கும், "உங்கள் மோடத்தில்தான் கோளாறு" என்று கைகழுவ முடியாது.

மோடமும் வாங்க முடிவு செய்தால், நிறுவனத்தின் இணையதளத்திலுள்ள அங்கீகரிக்கப்பட்ட மோடம் பட்டியலில் உங்கள் திட்டத்தின் வேகத்துக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். பதிவேற்ற வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள்: பதிவேற்றத்துக்கான அலைவரிசையை நிறுவனம் விரிவாக்கியுள்ள பகுதிகளில், பழைய மாதிரி மோடம் அந்தக் கூடுதல் வேகத்தைத் தராது. மோடத்தைக் கோஆக்ஸில் மாட்டி, விளக்கு நிலையாக எரிந்தபின், அடிப்பக்கத்தில் அச்சிட்டுள்ள, கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியைச் செயலியிலோ தொலைபேசியிலோ கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு ரவுட்டரை இணையுங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கேபிள் மோடம் தன்னோடு முதலில் பேசிய கருவியை நினைவில் வைத்துக்கொள்வதால், சோதனைக்காக மடிக்கணினியை மாட்டிவிட்டுப் பிறகு ரவுட்டரை மாட்டினால் இணையம் வராது. மோடத்தின் மின்சாரத்தைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பச் செருகினால் சரியாகிவிடும்.

பின்னாளில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தால், உலாவியில் 192.168.100.1 என்று தட்டினால் பல மோடங்களின் நிலைப் பக்கம் திறக்கும். அதில் இறங்குவழிச் சமிக்ஞையின் வலு −7 முதல் +7 டிபிஎம்வி வரை இருப்பது நலம். அதற்கு வெளியே வெகுதூரம் போயிருந்தாலோ, திருத்த முடியாத பிழைகளின் எண்ணிக்கை மணிக்கு மணி ஏறினாலோ, குறை கேபிளிலோ திருகுமுனையிலோ இருக்கலாம். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு தொழில்நுட்பரை வரச்சொல்லுங்கள்.

வாடகைப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சீரியல் எண்ணைப் படமெடுத்து, ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நான் திருப்பிய பிறகும் இரண்டு மாதம் பில்லில் வாடகை வந்தது. நிறுவனம் தராத கருவிக்கு வாடகை வாங்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் ஒன்று சொல்கிறது. அது 2020 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. சட்டத்தை எடுத்துச் சொல்ல எனக்கு அவசியம் ஏற்படவில்லை. ரசீது எண்ணைப் படித்துக் காட்டியதும், 30 டாலரை அடுத்த பில்லில் கழித்துவிட்டார்கள்.