அண்டாவில் விடிந்த மட்டன் குழம்பு

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், புதிதாகச் சமையல் ஒப்பந்தம் எடுத்த தம்பி ஒருவர் இரவே வைத்த மட்டன் குழம்பைச் சாக்குப் போர்த்தி மூடிக்கொண்டிருந்தார். "காலையிலயும் சூடா இருக்கும்ணே" என்றார். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன். விருந்துச் சமையலில் நாம் செய்யும் இப்படிப்பட்ட தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். கை கழுவுவது, தண்ணீர் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

இரவே சமைத்து மூடி வைப்பது

எனக்கு அது ஒரு காதுகுத்து விருந்து, 300 பேர். இரவு 11 மணிக்கு 80 லிட்டர் குழம்பை இறக்கி மூடினேன். காலை 7 மணிக்கு அண்டாவைத் தொட்டால் வெதுவெதுப்பு. கெடவில்லை என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் அந்த வெதுவெதுப்புதான் வினை.

குழம்பு கொதித்தாலும் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் சாவதில்லை. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் முளைக்கத் தொடங்கும். 45 டிகிரியை ஒட்டி மளமளவென்று பெருகும். சின்னச் சட்டி அந்தச் சூட்டைச் சீக்கிரம் கடந்துவிடும். அண்டாவின் நடுப்பகுதியோ மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். என் சாக்கு அதை இன்னும் நீட்டிக் கொடுத்தது.

பதினொன்றரைக்கு மறுபடி அடுப்பேற்றினேன். ஓரத்தில் குமிழி வந்ததும் போதும் என்று இறக்கிவிட்டேன். கெட்டிக் குழம்பு ஓரம் கொதித்தாலும் நடுவில் சூடேறியிருக்காது. பந்தியில் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இரவு பத்து மணிக்கு மேல்தான் போன் வரத் தொடங்கியது. வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, பேதி. மறுநாள் அடங்கிவிட்டது, ஆனால் பாக்கிப் பணமும் வரவில்லை, அந்த ஊரில் அப்புறம் வேலையும் வரவில்லை.

இப்போது இரவில் மசாலா அரைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கறி காலை 5 மணிக்குத்தான் அடுப்பேறும். 80 லிட்டரை ஆற வைக்கும் குளிர்பெட்டி எந்த வாடகை மண்டபத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்? சமைத்த குழம்பு பந்தி முடியும்வரை சிறு தீயிலேயே இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை அடிவரை கிளறி, குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை நடுவில் விடுவேன். 65க்குக் கீழே வந்தால் தீயைக் கூட்டிவிடுவேன்.

ஹாட் பாக்ஸை அடுப்பாக நினைப்பது

அது சூட்டைக் காக்கும், சூடாக்காது. முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்து, கொட்டிவிட்டு உணவை நிரப்புங்கள்.

ஆறின சாதத்தைச் சுட வைப்பது

சாதத்தில் பிறக்கும் நஞ்சு ஒன்று மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் ஒரேயடியாக வடிக்காமல், பந்திக்குப் பந்தி வடியுங்கள்.

பழைய வாளியில் புதுக் குழம்பு ஊற்றுவது

வேண்டாம். வாளியை மாற்றுங்கள்.

ருசி பார்த்து முடிவெடுப்பது

என் குழம்பு அன்று நல்ல ருசி.